பணம் போயிற்றா, போகவில்லையா? கட்டணப் பக்கத்தின் கேள்வி-பதிலைத் திருத்தி எழுதுகிறவர்கள் கேட்பவை

சிறிய இணையக் கடைகளுக்கு வரும் வாடிக்கையாளர் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுவது பல வருடங்கள் என் வேலையாக இருந்தது. இப்போது அதே கடைகளின் கட்டணப் பக்கத்தில் உள்ள கேள்வி-பதில்களைத் திருத்தி எழுதிக் கொடுக்கிறேன். கடைக்காரர்களும் அவர்களுடைய உதவியாளர்களும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைக் கேட்பதால், அவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். இணையத்தில் முதல்முறையாகப் பணம் கட்டுகிற ஒருவர்தான் உங்கள் பக்கத்தைப் படிக்கப்போகிறார் என்று வைத்துக்கொண்டு எழுதியது இது.

பழைய பக்கத்திலேயே எல்லாம் இருக்கிறதே. அப்புறம் எதற்குத் திருத்த வேண்டும்?

இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது யாருடைய மொழியில் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு கடையின் பழைய பக்கத்தில், "பரிவர்த்தனை தோல்வியுற்றால் தொகை வங்கியின் விதிமுறைகளின்படி மூலக் கணக்கிற்குத் திருப்பி வரவு வைக்கப்படும்" என்று ஒரு வரி இருந்தது. தப்பான வரி இல்லை. ஆனால் கையில் கைப்பேசியோடு பதறிக்கொண்டிருப்பவருக்கு அதிலிருந்து எதுவும் கிடைக்காது. தன் பரிவர்த்தனை தோல்வியுற்றதா என்பதே அவருக்குத் தெரியாது. அவர் பார்த்ததெல்லாம் ஒரு வெள்ளைத் திரையும் வங்கியிலிருந்து வந்த ஒரு குறுஞ்செய்தியும்தான்.

வழக்கமாக வாங்குகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. திறக்கிறவர்களில் பெரும்பாலோர் புதியவர்கள், அதிலும் ஏதோ கோளாறு நடந்த பிறகு திறப்பவர்கள். ஆகவே கேள்விகளைக் கடையின் பிரிவுகளை வைத்து அடுக்காதீர்கள், வாங்குகிறவர் கண்ணில் பட்டதை வைத்து அடுக்குங்கள். "திருப்பிச் செலுத்தும் கொள்கை" என்று தலைப்பு வைத்தால் அவர் தாண்டிப் போய்விடுவார். "பணம் எடுத்ததாகச் செய்தி வந்தது, ஆர்டர் வரவில்லை" என்று வைத்தால் அங்கேயே நிற்பார்.

என்னென்ன வழியில் பணம் கட்டலாம் என்பதற்கு லோகோக்களை வரிசையாகப் போட்டிருக்கிறோம். அது போதாதா?

பழகியவருக்குப் போதும். புதியவருக்கு லோகோ ஒரு படம் மட்டும்தான். தன் அட்டையிலும் அதே படம் இருக்கிறது, ஆனால் தன்னுடையது டெபிட் அட்டை, இது கிரெடிட் அட்டைக்கு மட்டுமோ என்று யோசிப்பார். ஒவ்வொரு வழிக்கும் ஒரு வாக்கியம் எழுதுங்கள். அதில் மூன்று விஷயம் வேண்டும்: கையில் என்ன தயாராக இருக்க வேண்டும், எந்தத் திரைக்குப் போவார், எப்போது கடைக்குப் பணம் வந்ததாகக் கணக்கு.

அட்டை என்றால் இப்படி எழுதலாம்: "அட்டையும், வங்கியில் பதிவு செய்த எண் உள்ள கைப்பேசியும் பக்கத்தில் இருக்கட்டும். எண்களைக் கொடுத்ததும் உங்கள் வங்கியின் திரை திறந்து உறுதிப்படுத்தக் கேட்கலாம். அது முடிந்ததும் தானாக எங்கள் பக்கத்துக்குத் திரும்பி வரும். அதுவரை திரையை மூட வேண்டாம்." நடுவில் வேறொரு பக்கம் திறக்கும் என்று முன்கூட்டியே சொல்லாததால் அதை மோசடி என்று நினைத்து மூடிவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வங்கிப் பரிமாற்றத்தை ஏற்கிறீர்கள் என்றால் அதற்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுங்கள். அதில் பணத்தை வாங்குகிறவரே அனுப்புகிறார், நீங்கள் எடுப்பதில்லை. ஆர்டர் எண்ணைக் குறிப்புப் பகுதியில் எழுதாமல் அனுப்பினால் அது யாருடைய பணம் என்று உங்களுக்குத் தெரியாது. கணக்கு எண்ணைத் தப்பாக அடித்து அனுப்பிவிட்டால் திரும்ப வாங்குவதும் கடினம். எதை எங்கே எழுத வேண்டும் என்பதை ஒரு மாதிரியோடு காட்டுங்கள். ஏற்காத வழிகளையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வரி நிறைய மின்னஞ்சல்களைக் குறைக்கும்.

அட்டை எண்ணைக் கொடுத்தால் பத்திரமா என்று கேட்கிறார்கள். 256 பிட் குறியாக்கம் என்று எழுதியிருக்கிறோமே?

அதைப் படித்து யாரும் நிம்மதி அடைந்ததாக எனக்குத் தெரியவில்லை. அட்டை எண் எங்கே போகிறது, யார் பார்க்கிறார்கள் என்றுதான் அவர் கேட்கிறார். உங்கள் தளத்தில் பணம் வாங்குவது கேட்வே நிறுவனம் என்றால், "நீங்கள் தட்டச்சு செய்யும் அட்டை எண் எங்களிடம் வராது, பணம் வாங்கித் தரும் நிறுவனத்துக்கே நேராகப் போகும். அட்டையின் கடைசி 4 எண்கள் மட்டும் எங்களுக்குத் தெரியும்" என்று எழுதுங்கள். அது உண்மைதானா என்று தளத்தைக் கட்டியவரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அட்டைத் தொழிலின் பாதுகாப்பு விதிகளின்படி, பணம் அனுமதிக்கப்பட்ட பிறகு சிவிவி எண்ணைக் கடை சேமித்து வைக்கவே கூடாது. "அட்டையை நினைவில் வைத்துக்கொள்" என்ற வசதி இருக்கும் தளத்திலும் அப்படித்தான்.

முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் இருந்தால் கடை நம்பகமானது என்று மட்டும் எழுதாதீர்கள். வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதுதான் பூட்டின் பொருள். மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்பதை அது சொல்லாது. மோசடிப் பக்கங்களிலும் பூட்டு இருக்கும்.

கூடுதல் கட்டணம் எதுவும் கிடையாது என்று ஒரே வரியில் முடித்துவிடலாமா?

நீங்கள் வாங்காவிட்டாலும் அவரிடமிருந்து யாராவது வாங்கலாம். அட்டை வேறு நாட்டில் கொடுக்கப்பட்டதாகவோ விலை வேறு நாணயத்திலோ இருந்தால், அவருடைய வங்கி மாற்றுக் கட்டணம் ஒன்றைச் சேர்க்கலாம். எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முடியாது. "கட்டணம் கிடையாது" என்று படித்தவர் கணக்கில் சற்றே கூடுதல் தொகையைப் பார்த்தால் நீங்கள் பொய் சொன்னதாகத்தான் நினைப்பார். ஆகவே இரண்டையும் பிரித்து எழுதுங்கள்: "கடைசித் திரையில் காட்டும் மொத்தத் தொகைக்கு மேல் நாங்கள் எதுவும் எடுப்பதில்லை. உங்கள் அட்டை வேறு நாணயத்தில் இயங்கினால் உங்கள் வங்கி தனியாக ஒரு தொகை சேர்க்கலாம். அது வங்கியின் கட்டணம்."

அட்டைக்கென்று நீங்களே தனிக் கட்டணம் வாங்குவதாக இருந்தால் முதலில் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் பெரும்பாலான தனிநபர் அட்டைகளுக்கு 2018 ஜனவரியிலிருந்து அப்படி வாங்க முடியாது. அனுமதி இருக்கும் இடத்திலும் அந்தத் தொகை கடைசிக்கு முந்தைய திரையிலேயே தெரிய வேண்டும். கேள்வி-பதிலில் மட்டும் ஒளித்து வைத்தால் அது ஏமாற்று மாதிரிதான் தெரியும்.

மூன்று மின்னஞ்சல் அனுப்புகிறோம். அப்படியும் "ரசீது வரவில்லை" என்கிறார்களே?

மூன்று அனுப்புவதால்தான் குழப்பம். முதல் மின்னஞ்சல் "ஆர்டர் கிடைத்தது" என்கிறது. இரண்டாவது "பணம் கிடைத்தது" என்கிறது. மூன்றாவது வரி விவரத்தோடு வரும் பில். முதல் மின்னஞ்சலைப் பார்த்துவிட்டுப் பணமும் போய்ச் சேர்ந்தது என்று நம்புகிறவர் உண்டு. இரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகத்தில் பணம் திரும்பக் கேட்க இது செல்லாது என்று திகைப்பவரும் உண்டு.

மூன்றுக்கும் வரும் தலைப்பு வரியை அப்படியே பக்கத்தில் எழுதி, எது பணம் கட்டியதற்கு ஆதாரம், எது கணக்குக்குக் காட்ட வேண்டியது, ஒவ்வொன்றும் எப்போது வரும் என்று சொல்லிவிடுங்கள். பில் பொருளை அனுப்பும்போதுதான் உருவாகும் என்றால் அதையும் சொல்லுங்கள். மின்னஞ்சல் முகவரியைத் தப்பாக அடித்தவர் என்ன செய்வது என்று ஒரு வரி. முதல்முறை வாங்குகிறவர்களிடம் இது நீங்கள் நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது.

பணம் போய்விட்டது, ஆர்டர் இல்லை என்று வருகிறவருக்கு என்ன எழுதுவது? இதுதான் எங்களுக்கு வருகிற மின்னஞ்சலில் பாதி.

என்ன நடந்தது என்பது எழுதுகிறவருக்கு முதலில் புரிய வேண்டும். ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஒருவர் இரவு 9.10க்கு 1,200 மதிப்புள்ள ஆர்டருக்குப் பணம் கட்டுகிறார். அட்டை எண், ஓடிபி எல்லாம் சரி. வங்கி அனுமதி கொடுத்து, 9.11க்கு அவருக்குக் குறுஞ்செய்தியும் வந்துவிட்டது. வங்கியின் திரையிலிருந்து கடையின் பக்கத்துக்குத் திரும்புகிற அந்த நொடியில் இணைப்பு அறுந்து, திரை வெள்ளையாகிவிட்டது. கடையின் பதிவேட்டில் அந்த ஆர்டர் Pending என்றே நிற்கிறது.

சரியாக அமைத்த தளத்தில் கடைக்குச் செய்தி வர இரண்டாவது பாதை ஒன்று உண்டு. வாங்குகிறவருடைய உலாவியை நம்பாமல், கேட்வேயின் சர்வரே கடையின் சர்வரை நேராகக் கூப்பிட்டுப் பணம் வந்ததைச் சொல்லும். வெப்ஹூக் என்பார்கள். வழக்கமாகச் சில நொடிகளில் வந்துவிடும், சில நேரம் சில நிமிடங்கள் ஆகும். கடையின் சர்வர் பதில் சொல்லாவிட்டால் கேட்வே இடைவெளி விட்டு மறுபடி மறுபடி முயலும். நம்மவர் அதுவரை பொறுக்கவில்லை. பின்செல்லும் பொத்தானை அழுத்தி, 9.14க்கு மறுபடி பணம் கட்டினார். அது நல்லபடியாக முடிந்து 9.15க்கு ஆர்டர் உறுதியானது. 9.16க்கு முதல் ஆர்டருக்கான செய்தியும் வந்து சேர்ந்து அதுவும் உறுதியானது. இப்போது இரண்டு ஆர்டர், கணக்கிலிருந்து 2,400.

ஆகவே உங்கள் பதிலின் முதல் வாக்கியம் விளக்கமாக இருக்கக் கூடாது, "மறுபடி செலுத்த வேண்டாம்" என்பதாகத்தான் இருக்க வேண்டும். அப்புறம் இப்படிப் போகலாம்: "வங்கி பணம் எடுத்ததாகச் செய்தி அனுப்பியிருந்தால், அந்தத் தகவல் எங்களுக்கு வந்துசேரச் சற்று நேரம் ஆகலாம். 30 நிமிடம் கழித்து 'என் ஆர்டர்கள்' பக்கத்தைப் பாருங்கள். Paid என்று இருந்தால் எல்லாம் சரி. இன்னும் Pending என்று இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். Failed என்று இருந்தால் பணம் எங்களிடம் வரவில்லை. உங்கள் வங்கி பிடித்து வைத்த தொகையைத் தானே விடுவிக்கும்." திரையில் இருக்கும் அதே சொல்லை இங்கேயும் போடுவது முக்கியம். திரை Pending என்று காட்டும்போது உங்கள் பக்கம் "நிலுவை" என்று மட்டும் சொன்னால் இரண்டும் ஒன்று என்று புதியவருக்கு எப்படித் தெரியும்?

அந்த 30 நிமிடம் எங்கிருந்து வந்தது? நாங்களும் அதையே போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். அது உதாரணத்துக்குச் சொன்னது. கடந்த மூன்று மாதத்தில் Pending ஆக நின்று பிறகு Paid ஆன ஆர்டர்களை எடுத்து, ஒவ்வொன்றும் மாறுவதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று பாருங்கள். அநேகமாக எல்லாமே ஒரு நேரத்துக்குள் அடங்கிவிடும், அதையே எழுதுங்கள். ஏதோ ஒன்றிரண்டு மட்டும் மறுநாள் வரை நின்றிருந்தால் அதற்காக எல்லோரையும் ஒரு நாள் காக்க வைக்காதீர்கள். அவற்றை "எங்களுக்கு எழுதுங்கள்" என்ற வரி பார்த்துக்கொள்ளும்.

எல்லாமே கைமுறையாகத்தான் மாறியிருக்கிறது என்று தெரிந்தால், உங்கள் தளத்தில் வெப்ஹூக்கே வேலை செய்யவில்லை என்று பொருள். ஒரு கடையில் எட்டு மாதம் அப்படித்தான் ஓடியது. தினமும் காலையில் ஒருவர் உட்கார்ந்து கேட்வே கணக்கையும் ஆர்டர் பட்டியலையும் ஒப்பிட்டு மாற்றிக்கொண்டிருந்தார். அதை எந்தக் கேள்வி-பதிலாலும் சரிசெய்ய முடியாது.

இரண்டு முறை கட்டிவிட்டவர் வங்கியில் புகார் கொடுக்கலாம் என்று எழுதலாமா?

அது அவருடைய உரிமை, மறைக்க வேண்டாம். ஆனால் எதை முதலில் செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். அவர் வங்கியில் புகார் கொடுத்த அதே நாளில் நீங்களும் பணத்தைத் திருப்பி அனுப்பினால், ஒரே தொகை இரண்டு பாதையில் போகிறது. பிறகு அதைப் பிரித்தெடுக்க வாரக்கணக்கில் ஆகும், அதுவரை இரு பக்கமும் சந்தேகத்தோடு கடிதம் எழுதிக்கொண்டிருக்கும். "இரண்டு ஆர்டர் எண்ணையும் எங்களுக்கு அனுப்புங்கள். ஒன்றை ரத்து செய்து எழுத்தில் உறுதி தருவோம். இரண்டு வேலை நாளில் எங்களிடமிருந்து பதில் வராவிட்டால் வங்கியை அணுகுங்கள்" என்று எழுதலாம். இரண்டு நாள் என்று எழுதினால் இரண்டு நாளில் பதில் போக வேண்டும், அவ்வளவுதான்.

திரும்பி வர எத்தனை நாள் என்று எழுதுவது? நாங்கள் அனுப்பிவிட்டோம் என்கிறோம், வங்கியில் எதுவும் வரவில்லை என்கிறார்கள்.

இங்கே இரண்டு வேறு விஷயங்கள் ஒரே பெயரில் உலவுகின்றன. அட்டையில் பணம் கட்டும்போது வங்கி முதலில் தொகையைப் பிடித்து மட்டும் வைக்கிறது. கடை அதைப் பிறகு எடுத்துக்கொள்கிறது. எடுப்பதற்கு முன் ரத்து செய்தால் பிடித்து வைத்தது விடுபடும். கணக்கில் புதிதாக வரவு என்று எந்த வரியும் வராது, பழைய வரியே மறைந்துபோகும். எடுத்த பிறகு திருப்பினால்தான் தனியாக ஒரு வரவு வரி வரும், அதற்கு 5 முதல் 10 வேலை நாள் ஆவது சாதாரணம்.

முதல் வகையில் வாங்குகிறவர் வரவு வரியைத் தேடித் தேடிப் பார்த்து, வரவில்லை என்று உங்களைத் திட்டுகிறார். உண்மையில் அவருடைய இருப்பு எப்போதோ சரியாகியிருக்கும். ஆகவே, "உங்கள் கணக்கில் 'வரவு' என்று தனியாக வராமலும் போகலாம், எடுத்ததாகக் காட்டிய வரியே மறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்" என்ற வாக்கியத்தைச் சேருங்கள். நான் திருத்திய பக்கங்களில் இந்த ஒரு வாக்கியம் அளவுக்கு உதவியது வேறு எதுவும் இல்லை.

இரண்டாவது வகைக்கு நாட்களை மட்டும் சொல்லாமல் தொடக்கத்தையும் சொல்லுங்கள்: எந்த நாளிலிருந்து எண்ண வேண்டும், விடுமுறை நாள் சேருமா. அட்டைக்குத் திருப்பிய பணத்துக்கு ஏஆர்என் என்ற 23 இலக்க எண் ஒன்று உண்டு; உங்கள் கேட்வே கணக்கில் தேடினால் கிடைக்கும். பத்து வேலை நாள் கடந்தும் வரவில்லை என்பவருக்கு அதைக் கொடுங்கள். வங்கியில் "பணம் வந்ததா" என்று கேட்பதைவிட அந்த எண்ணைச் சொல்லித் தேடச் சொல்வது வேகமாக நடக்கும்.

வங்கி ஏன் மறுத்தது என்று கேட்கிறார்கள். எங்களுக்கு "Do not honor" என்றுதான் வருகிறது.

அது 05 என்ற குறியீட்டின் பெயர், காரணம் சொல்ல வங்கிக்கு விருப்பமில்லை என்று அர்த்தம். 51 என்றால் கணக்கில் பணம் போதவில்லை, 54 என்றால் அட்டையின் காலம் முடிந்தது, 91 என்றால் வங்கியின் அமைப்பு அப்போது பதில் சொல்லவில்லை. இந்தக் குறியீடுகளை வாங்குகிறவர் பார்க்க வேண்டியதில்லை, ஆனால் அவர் அடுத்து என்ன செய்வது என்பது இவற்றைப் பொறுத்தே மாறும். 91க்குச் சற்று நேரம் கழித்து அதே அட்டையில் முயலலாம். 05க்கு அதே அட்டையில் ஐந்து முறை முயன்றால் வங்கி அட்டையையே முடக்கிவிடக்கூடும். இணையப் பயன்பாடு அட்டையில் திறந்திருக்கிறதா என்று வங்கியிடம் கேட்கச் சொல்லுங்கள். புது அட்டைக்காரர்களிடம் பெரும்பாலும் அதுதான் காரணம்.

முன்பு சொன்ன "மறுபடி செலுத்த வேண்டாம்" என்பதோடு இது முரண்படுவது போலத் தெரியும். அந்த எச்சரிக்கை, பணம் எடுத்ததாகச் செய்தி வந்தவருக்கு. இது, திரையே மறுத்துவிட்டதாகச் சொன்னவருக்கு. அதனால்தான் இரண்டையும் ஒரே கேள்விக்குள் போடாமல் தனித்தனிக் கேள்வியாக வைக்கச் சொல்கிறேன்.

எங்களுக்கு எழுதுங்கள் என்றால் முழு அட்டை எண்ணையும் படமெடுத்து அனுப்பிவிடுகிறார்கள்!

என்ன வேண்டும் என்று நீங்கள் சொல்லாததால் தெரிந்ததையெல்லாம் அனுப்புகிறார்கள். ஆர்டர் எண், தொகை, கட்டிய நாளும் நேரமும், அட்டையின் கடைசி 4 எண்கள், இவை போதும். முழு எண், சிவிவி, ஓடிபி, கடவுச்சொல் எதையும் நாங்கள் கேட்க மாட்டோம், யாராவது எங்கள் பெயரில் கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்று அதே இடத்திலேயே எழுதுங்கள். வேறு பக்கத்தில் பாதுகாப்புக் குறிப்பு என்று வைத்தால் அவசரத்தில் யாரும் அங்கே போக மாட்டார்கள். முழு எண்ணோடு படம் வந்துவிட்டால் அதை அழித்துவிட்டு, அழித்ததைப் பதிலில் சொல்லுங்கள். அந்தப் படத்தை மேற்கோளோடு திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அவசரத்தில் நானே ஒருமுறை செய்திருக்கிறேன்.

கணக்கு விவரத்தில் எங்கள் கடைப் பெயருக்குப் பதில் வேறு பெயர் வருகிறது. அதையும் எழுத வேண்டுமா?

கட்டாயம். உரிமையாளரின் நிறுவனப் பெயரோ கேட்வேயின் பெயரோ அங்கே வரலாம், இடம் சிறியது என்பதால் பாதியில் வெட்டுப்பட்டும் வரலாம். தெரியாத பெயரில் பணம் போயிருப்பதைப் பார்த்த புதியவர் முதலில் கூப்பிடுவது வங்கியை. அங்கிருந்து புகாராக உங்களிடம் வரும், கூடவே தண்டக் கட்டணமும். நீங்களே உங்கள் கடையில் ஒரு சிறு தொகை கட்டி, கணக்கில் என்ன பெயர் விழுகிறது என்று பார்த்து, எழுத்து மாறாமல் பக்கத்தில் போடுங்கள். ரசீது மின்னஞ்சலிலும் போடுங்கள்.

திருத்தி எழுதி முடித்தோம். சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

கடையில் வேலை செய்யாத, இணையத்தில் அதிகம் வாங்கிப் பழகாத ஒருவரைக் கூப்பிடுங்கள். 9.11க்கு வந்தது போன்ற ஒரு குறுஞ்செய்தியைக் கையில் கொடுத்து, வெள்ளைத் திரையைக் காட்டி, "இப்போது என்ன செய்வீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். உதவாதீர்கள். எந்தத் தலைப்பில் விரல் நின்றது, எத்தனை வரி படித்தபின் முடிவுக்கு வந்தார் என்று பாருங்கள். மறுபடி பணம் கட்டப் போனார் என்றால் உங்கள் முதல் வாக்கியம் இன்னும் முதலில் இல்லை.

அப்புறம், அதே பதிலைப் பணம் கட்டும் திரை தோற்றுப்போகிற இடத்திலும் வையுங்கள். கேள்வி-பதில் பக்கத்துக்கு இணைப்பு கொடுத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் இணையத் தொடர்பு அறுந்ததால்தானே அவர் அந்தத் திரையில் நிற்கிறார், அடுத்த பக்கம் எப்படித் திறக்கும்?